வகுப்புக்கு முன்னால் மூன்று நிமிடம்

“வணக்கம் ஃபிரண்ட்ஸ். எல்லாரும் எப்படி இருக்கீங்க? நான் ரொம்ப நல்லா இருக்கேன். இந்தக் கோர்ஸ்ல உங்களையெல்லாம் சந்திக்கிறதுல எனக்கு ரொம்பச் சந்தோஷம். தையல்ங்கிறது ஒரு அற்புதமான கலை. அந்தக் காலத்துல…”

ப்ளவுஸ் தைக்கச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆன்லைன் வகுப்பின் அறிமுக வீடியோ இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசுகிற ஆசிரியை இருபது வருடமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். தொழிலில் குறை சொல்ல முடியாது. ஆனால் கேமராவுக்கு முன்னால் நாற்பது விநாடி ஓடிவிட்டது. பணம் கட்டிச் சேர்ந்தவருக்கு இதுவரை தெரிந்த ஒரே செய்தி, ஆசிரியை நலமாக இருக்கிறார் என்பதுதான்.

சேர்ந்தவர் மனத்தில் அப்போது மூன்று கேள்விகள் இருக்கும். இதை முடித்தால் என் கையால் என்ன செய்ய முடியும்? இவர் சொல்வதை எதை வைத்து நம்புவது? இந்த வீடியோக்களை வைத்துக்கொண்டு தினமும் நான் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலான அறிமுகங்கள் முதல் கேள்விக்கு ஆரவாரமாகவும், இரண்டாவதற்குத் தன் வரலாறாகவும் பதில் சொல்கின்றன. மூன்றாவதற்குப் பதிலே வராது. அந்த மூன்றாவது கேள்விதான் வகுப்பை ஒருவர் முடிப்பாரா, பாதியில் விடுவாரா என்பதோடு நேரடியாகத் தொடர்புடையது.

எவ்வளவு நேரம் பேசலாம் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஃபிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் எட்எக்ஸ் தளத்தின் நான்கு வகுப்புகளில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் பதிவுகளை அலசி, 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுத்தர மாணவர் ஒருவர் அதில் செலவிட்ட நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒன்பது நிமிடத்துக்கு மேல் போன வீடியோக்களைப் பலர் பாதிகூடப் பார்க்கவில்லை. இது பாடங்களைப் பற்றிய கணக்கு. அறிமுகத்துக்கு அதில் பாதி போதும். மூன்று நிமிடத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அதே ஆய்வில் பெரிய ஸ்டுடியோ இல்லாதவர்களுக்கு ஆறுதலான ஒரு செய்தியும் இருக்கிறது. செலவழித்து ஸ்டுடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேஜையில் உட்கார்ந்து நேராகப் பேசியதை மாணவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள். தையல் ஆசிரியைக்கு அவருடைய வெட்டும் மேஜையே போதும்.

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விளம்பர வீடியோ வேறு, அறிமுகப் பாடம் வேறு. முன்னது சேரலாமா என்று யோசிப்பவருக்கு, பின்னது சேர்ந்துவிட்டவருக்கு. சேர்ந்தவரிடம் போய் “உடனே சேருங்கள்” என்று கூவுவது, சாப்பிட உட்கார்ந்தவரிடம் ஹோட்டல் போர்டைக் காட்டுவது மாதிரி. ஒரே வீடியோவை இரண்டுக்கும் ஓட்டுகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் விளம்பரத்தின் குரல்தான் மிஞ்சும், சொல்லித்தரும் குரல் அமுங்கிவிடும். இங்கே பேசப்போவது அறிமுகப் பாடத்தைப் பற்றி.

முதல் கேள்விக்கு வருவோம். ஆசிரியையின் முதல் பிரதியில் இப்படி இருந்தது: “இந்தக் கோர்ஸ் முடிவுல ப்ளவுஸ் பத்தி முழுமையா தெரிஞ்சுக்குவீங்க.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழுமையாகத் தெரிந்துகொண்டாரா இல்லையா என்பதை யார், எப்படிச் சொல்வது?

ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962இல் ஒரு சிறு நூலில் இதற்கு வழி சொன்னார். கற்றபின் மாணவர் என்ன செய்வார், எந்த நிலைமையில் செய்வார், எவ்வளவு சரியாகச் செய்தால் ஒப்புக்கொள்ளலாம் என்ற மூன்றையும் கற்றல் நோக்கம் சொல்ல வேண்டும் என்றார். அறுபது வருடம் தாண்டியும் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் எளிய சோதனை ஒன்று உண்டு. வாக்கியத்தின் கடைசி வினைச்சொல்லைப் பாருங்கள். ‘தெரிந்துகொள்வீர்கள்’, ‘புரிந்துகொள்வீர்கள்’, ‘அறிவீர்கள்’ என்று முடிந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணுக்கு எதுவும் தென்படாது. ‘வெட்டுவீர்கள்’, ‘தைப்பீர்கள்’, ‘அளப்பீர்கள்’ என்று முடிந்தால் ஒரு கை வேலை செய்வது தெரியும்.

அந்தச் சோதனைக்குப் பின் ஆசிரியையின் வாக்கியம் இப்படி மாறுகிறது: உங்கள் அளவுக்கு, லைனிங் இல்லாத நாலு டாட் காட்டன் ப்ளவுஸ் ஒன்றை, அளவு ப்ளவுஸ் வைத்துக்கொள்ளாமல், உடம்பில் அளவெடுத்து நீங்களே வெட்டித் தைப்பீர்கள். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் ப்ளவுஸ் மேலே ஏறாது.

கடைசி வாக்கியம்தான் மேகர் கேட்ட அளவுகோல். அது தையல்காரர்கள் தினமும் பார்க்கிற சோதனை. கைக்குழியை ஆழமாக வெட்டினால் கை தாராளமாக அசையும் என்று புதிதாகத் தைப்பவர்கள் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது அது ப்ளவுஸ் முழுவதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே போகும். இப்படி ஒரு சோதனையை அறிமுகத்திலேயே சொல்லிவிட்டால், தான் கற்றுக்கொண்டாரா என்பதை மாணவி கண்ணாடி முன்னால் நின்று தானே முடிவு செய்துகொள்ளலாம். சான்றிதழுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

எதைச் சொல்லித்தரப்போவதில்லை என்பதும் இதே இடத்தில் வர வேண்டும். கட்டோரி, பிரின்சஸ் கட், ஆரி வேலை எதுவும் இந்த வகுப்பில் கிடையாது. மிஷினில் நேர்த்தையல் போடத் தெரியாதவர் முதலில் அதைப் பழகிவிட்டு வர வேண்டும். இதையெல்லாம் சொன்னால் ஆள் குறையும் என்ற பயம் ஆசிரியர்களுக்கு உண்டு. குறையத்தான் செய்யும். ஆனால் கட்டோரியை எதிர்பார்த்துச் சேர்ந்தவர் பத்தாவது பாடத்தில் ஏமாந்து எழுதும் மதிப்புரை, அதைவிட அதிகப் பேரைத் திருப்பி அனுப்பும்.

அடுத்தது நம்பகம். இங்கே 1970களின் ஒரு வேடிக்கையான சோதனையை நினைத்துக்கொள்வது நல்லது. டொனால்ட் நஃப்டுலின் என்ற மனநல மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை ‘டாக்டர் மைரன் ஃபாக்ஸ்’ என்று பெயர் மாற்றி, பெரிய பெரிய பட்டங்களோடு அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில் பேசவிட்டார்கள். பேச்சில் சரக்கு இருக்கக் கூடாது என்று திட்டமிட்டே தயாரித்திருந்தார்கள். முன்னுக்குப் பின் முரண், புதுச் சொற்கள், நகைச்சுவை இவைதான் பேச்சு. கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கல்வியாளர்களும். பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் போட்டார்கள். ஒருவர்கூட அவர் நடிகர் என்று கண்டுபிடிக்கவில்லை. 1973இல் இந்த ஆய்வு வெளியானது.

பட்டமும் கம்பீரமும் கேட்பவரை எவ்வளவு எளிதில் மயக்கும் என்பதற்கு இது சாட்சி. அதனாலேயே, நேர்மையான ஆசிரியர் தன் தகுதியைச் சொல்லும்போது பார்ப்பவர் சரிபார்க்கக்கூடிய ஒன்றாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். “பல ஆயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர்”, “தமிழகத்தின் முன்னணி” போன்றவை யாருக்கும் பொருந்தும்.

இதற்கு நல்ல முன்மாதிரி பார்பரா ஓக்லியின் வகுப்பு. 2014இல் கோர்ஸீரா தளத்தில் அவரும் நரம்பியல் அறிஞர் டெரன்ஸ் செய்னோவ்ஸ்கியும் ‘கற்பது எப்படி என்று கற்பது’ என்ற பொருளில் நடத்தத் தொடங்கிய வகுப்பு அது. பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். படப்பிடிப்பு நடந்தது ஓக்லியின் வீட்டு அடித்தளத்தில். அவர் மிச்சிகனில் உள்ள ஓக்லாந்து பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர். அந்தப் பட்டத்தை மட்டும் முன்னால் நிறுத்தியிருக்கலாம். அவர் முன்னால் வைத்தது பள்ளி முழுக்கக் கணக்கிலும் அறிவியலிலும் தோற்றவர் என்ற உண்மையை. ராணுவத்தில் ரஷ்ய மொழி படித்தவர், சோவியத் மீன்பிடிக் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்தவர், இருபத்தாறு வயதில்தான் கணக்கைத் திரும்பத் தொட்டார். எப்படிக் கற்பது என்று சொல்லித்தரும் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தகுதி எது? அவர் சொன்ன தோல்வி, வகுப்பின் பொருளோடு ஒட்டிய தோல்வி என்பதைக் கவனிக்க வேண்டும். சம்பந்தமில்லாத சோகக் கதை எதுவும் இந்த வேலையைச் செய்யாது.

தையல் ஆசிரியையிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. தொழில் பழகிய காலத்தில் கைக்குழியை ஆழமாக வெட்டிக் கெடுத்த ப்ளவுஸ். அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கேமராவில் காட்டினால், சுவரில் மாட்டிய பாராட்டுப் பத்திரத்துக்கு வேலையே இல்லை. கூடவே ஓர் எல்லையும் சொல்லலாம்: நான் ப்ளவுஸ்தான் தைப்பேன், சட்டை பேன்ட் பழக்கமில்லை. எல்லை சொல்பவரின் மற்ற வார்த்தைகளுக்கு எடை கூடும். இதெல்லாம் சேர்ந்து முப்பது விநாடிக்கு மேல் போகக் கூடாது.

முதல் பிரதியில் “மாசம் முப்பதாயிரம் சம்பாதிக்கலாம்” என்றும் ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட வேண்டும். வருமானம் ஊரையும் வாடிக்கையாளரையும் பொறுத்தது, பாடத்தைப் பொறுத்தது அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும், வேலை உறுதி, தேர்ச்சி உறுதி போன்ற வாக்குறுதிகளும் ஆசிரியர் தகுதி பற்றிய பொய்த் தகவல்களும் தடுக்கப்பட்டிருக்கின்றன.

இனி மூன்றாவது கேள்வி. என்.பி.டி.இ.எல். வகுப்புகளில் இதற்கு விதியே பதில் சொல்லிவிடுகிறது. பன்னிரண்டு வார வகுப்பு என்றால் வாரா வாரம் ஒப்படைப்பு. அவற்றில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 சதவீதம், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். மாணவர் என்றைக்கு எதைச் செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே வராது. வீட்டில் உட்கார்ந்து தையல் பழகுகிறவருக்கு ஒப்படைப்பும் இல்லை, தேர்வும் இல்லை. அந்த வேலையை அறிமுகத்தில் சொல்லும் சில வாக்கியங்கள்தான் செய்தாக வேண்டும்.

வீடியோவில் கற்பதன் பெரிய ஆபத்து, பார்த்தாலே வந்துவிட்டது போலத் தோன்றுவது. ஆசிரியை கத்தரியைச் சரசரவென்று ஓட்டும்போது நம் கையும் ஓடுவது போல இருக்கும். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இந்த மயக்கத்தை எண்ணிக்கையில் காட்டியது. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். படித்தவர்கள்தாம் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களும்கூட. அது வாசிப்பைப் பற்றிய சோதனை, கத்தரியைப் பற்றியதல்ல. ஆனாலும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பதைவிட, நிறுத்திவிட்டு வரிசையை நினைவுக்குக் கொண்டுவருவது மேல் என்ற பாடத்தைத் தையல் வகுப்புக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே “நல்லா பிராக்டிஸ் பண்ணுங்க” என்பது பயன்படுத்தும் முறை ஆகாது. எந்த இடத்தில் நிறுத்துவது, எதில் வெட்டுவது, எப்போது அடுத்த பாடத்துக்குப் போகலாம், சந்தேகம் வந்தால் எதை அனுப்புவது என்று சொன்னால்தான் அது முறை. எல்லாம் சேர்த்துத் திருத்திய பிரதி இது:

“இந்த ப்ளவுஸைப் பாருங்க. கையைத் தூக்கினா மேலே ஏறுது. தொழில் பழகின புதுசுல எனக்கு நானே தைச்சுக்கிட்டது. கைக்குழியை ஆழமா வெட்டிட்டேன்.

இந்தக் கோர்ஸ் முடியும்போது, உங்க அளவுக்கு லைனிங் இல்லாத நாலு டாட் காட்டன் ப்ளவுஸ் ஒண்ணு நீங்களே அளவெடுத்து, வெட்டி, தைச்சிருப்பீங்க. கையைத் தூக்கினா அது ஏறாது. ஏறினா, எங்க தப்புன்னு உங்களாலயே சொல்ல முடியும். மிஷின்ல நேர்த்தையல் வந்தா போதும். கட்டோரி, பிரின்சஸ் கட், ஆரி வேலை இதுல கிடையாது.

நான் இருபது வருஷமா ப்ளவுஸ் தைக்கிறேன். சட்டை, பேன்ட் எனக்குப் பழக்கமில்ல. எங்க கடைக்கு ஆல்ட்ரேஷனுக்கு வர்ற ப்ளவுஸ்ல எந்தத் தப்பு அடிக்கடி இருக்கோ, அதை வெச்சுத்தான் பாடங்களை வரிசைப்படுத்தியிருக்கேன்.

எப்படிப் பார்க்கணும்னு சொல்றேன். ஒவ்வொரு பாடத்தையும் ரெண்டு தடவை பாருங்க. முதல் தடவை கையில எதுவும் வேண்டாம். முடிஞ்சதும், நான் எதுக்கு அப்புறம் எது செஞ்சேன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. மறந்துபோனது இருக்கும், பரவாயில்ல. ரெண்டாவது தடவை டேப்பும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கோங்க. நான் ஒரு கோடு போட்டதும் வீடியோவை நிறுத்திட்டு, அந்தக் கோட்டை நீங்க போடுங்க.

முதல்ல நியூஸ்பேப்பர்ல வெட்டுங்க. அப்புறம் பழைய காட்டன் புடவைல. மூணாவதுதான் புதுத் துணி. பேப்பர்ல வெட்டாம அடுத்த பாடத்துக்குப் போகாதீங்க. சந்தேகம் வந்தா ‘சரியா வரல’ன்னு மட்டும் எழுதினா எனக்கு ஒண்ணும் புரியாது. வெட்டின பேப்பரைத் தரையில விரிச்சு, பக்கத்துல டேப் வெச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க.

நியூஸ்பேப்பர் எடுத்துட்டு வாங்க. அளவெடுக்கிறதுல இருந்து ஆரம்பிக்கலாம்.”

துணியைக் காட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிப் பேசினால் இரண்டரை நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும். நிமிடத்துக்கு 150 வார்த்தை என்று ஆங்கிலத்துக்குச் சொல்லும் கணக்கைத் தமிழுக்குப் போட்டால் ஏமாறுவோம். ‘வரிசைப்படுத்தியிருக்கேன்’ என்பது நமக்கு ஒரே வார்த்தை, வாய்க்கு நான்கைந்து வார்த்தை நேரம். வார்த்தையை எண்ணாமல், போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு உரக்கப் படித்துப் பார்ப்பதுதான் வழி.

பிரதி முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதியிருப்பதும் காரணத்தோடுதான். “இப்பயிற்சியின் நிறைவில் தாங்கள் கற்றறிவீர்கள்” என்று எழுதிவைத்துக்கொண்டு, கேமரா முன்னால் அதைப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மூன்றாவது வரியில் திணறுவார்கள். எழுத்து ஒரு பக்கம் இழுக்கும், நாக்கு ஒரு பக்கம் இழுக்கும், கேட்பதற்குச் செய்தி வாசிப்பு போல இருக்கும். கடையில் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவாரோ அப்படியே, ‘வெச்சு’ என்றால் ‘வெச்சு’ என்றே டைப் செய்ய வேண்டும். தன் ஊர்ப் பேச்சைச் சென்னைப் பேச்சாக மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

பிரதியில் விலை இல்லை, வருடம் இல்லை, மொத்தம் எத்தனை பாடம் என்ற எண்ணும் இல்லை. மூன்றும் மாறக்கூடியவை. “மொத்தம் 22 பாடம்” என்று சொல்லிவிட்டு இருபத்து மூன்றாவதைச் சேர்த்தால் அறிமுகத்தை மறுபடி எடுக்க வேண்டிவரும். அந்த விவரங்களை வீடியோவுக்குக் கீழே எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

படம் பிடிக்க வேண்டிய நேரத்திலும் பலர் தவறுகிறார்கள். அறிமுகம் முதலில் வருவதால் அதை முதல் நாளே எடுத்துவிடுகிறார்கள். பாடங்கள் வளர வளர, சொன்ன வாக்குறுதி ஒன்றிரண்டு விட்டுப்போகும். பிரதியை முதலில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டு, எல்லாப் பாடங்களையும் எடுத்து முடித்தபின் கடைசியாக அறிமுகத்தை எடுப்பது பாதுகாப்பு. அதற்குள் எந்தப் பாடத்தில் மாணவிகள் சிக்குவார்கள் என்பதும் ஆசிரியைக்கே தெரிந்துவிடும்.

எடுத்த வீடியோவைத் தளத்தில் ஏற்றுவதற்கு முன்னால், தையல் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். பிறகு போனை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். இதை முடித்தால் என்ன தைப்பீர்கள்? சொல்லித்தருகிறவர் யார்? நாளைக்குக் காலையில் முதலில் எதை வெட்டுவீர்கள்? மூன்றாவதற்கு “நியூஸ்பேப்பர்” என்று பதில் வராவிட்டால், வீடியோவை மறுபடியும் எடுங்கள்.